பிளானுக்குள் ஒரு நாள் வாழ்ந்து பார்ப்பது: வீடு கட்டப்போகும் தம்பதிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் சென்னையில் வீடுகள் வடிவமைக்கிற ஆர்க்கிடெக்ட். முதல் டிசைன் தயாரானதும் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து, தாளை விரித்து, காலையில் பால் பாக்கெட் எடுப்பதிலிருந்து ராத்திரி கேட் பூட்டுவது வரை அவர்களுடைய ஒரு நாளை அந்தப் பிளானுக்குள் நடத்திச் சொல்வது என் வழக்கம். அதைப் பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஒரே வீட்டிலிருந்து: மடிப்பாக்கத்தில் 30க்கு 60 மனை, அதாவது முக்கால் கிரவுண்ட், மேற்கே ரோடு. சார் அமெரிக்க நேரத்துக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், மேடம் பள்ளி ஆசிரியை, ஒன்பதாம் வகுப்புப் பையன், முழங்கால் வலியோடு சாரின் அம்மா.

பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் நாங்களே பார்த்துக்கொள்ள மாட்டோமா? எதற்கு இரண்டு மணி நேரம் நேரில் உட்கார வேண்டும்?

அனுப்புகிறேன், அதில் தயக்கமே இல்லை. ஆனால் போனில் பார்க்கிற எல்லோரும் அறையின் அளவை மட்டும்தான் பார்க்கிறார்கள். பெட்ரூம் 11க்கு 12, ஹால் 12க்கு 18, சரி, ஓகே என்று பதில் வந்துவிடும். வீட்டில் சங்கடம் வருவது அறையின் அளவால் அவ்வளவாக இல்லை, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகிற வழியில்தான் வருகிறது. யார், எத்தனை மணிக்கு, கையில் என்ன வைத்துக்கொண்டு, எந்தக் கதவைத் தாண்டிப் போகிறார்கள் என்பது தாளில் எழுதியிருக்காது. அது உங்களுக்குத்தான் தெரியும். நான் வாயால் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்தும்போது, "இல்லையே மேடம், அந்த நேரத்துல அத்தை பூஜையில இருப்பாங்களே" என்று நீங்கள் குறுக்கிட வேண்டும். எனக்கு வேண்டியது அந்தக் குறுக்கீடு. இரண்டு மணி நேரமும் தலையாட்டிக்கொண்டே இருந்தால், நான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் மறுபடி ஆரம்பிப்பேன்.

எங்களுக்குப் பிளான் படிக்கத் தெரியாது. முதலில் எதைப் பார்ப்பது?

கதவைப் பாருங்கள். பிளானில் ஒவ்வொரு கதவுக்கும் கால் வட்டமாக ஒரு வளைவுக் கோடு இருக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, திறந்தால் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதற்கான கோடு அது. பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எதுவும் அந்த வளைவுக்குள் வரக்கூடாது. அதை மட்டும் வீடு முழுக்கத் தேடிப் பார்த்தாலே பாதிப் பிளான் புரிந்துவிடும்.

இதை முதலில் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் வரைந்த ஒரு வீட்டில் வயதான அம்மாவின் பாத்ரூம் கதவு உள்பக்கம் திறந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தானே வைக்கிறோம் என்று நானும் வைத்தேன். குடிபோன ஆறேழு மாதத்தில் அந்த அம்மா உள்ளே வழுக்கி விழுந்துவிட்டார். விழுந்தவர் கதவுக்குப் பின்னால் கிடந்ததால் வெளியிலிருந்து தள்ளவே முடியவில்லை, கீலைக் கழற்றித்தான் தூக்கினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கால் வட்டத்தைத் திருப்பிப் போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்றிலிருந்து பெரியவர்கள் பாத்ரூம் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படியோ நகர்த்தும்படியோதான் வைக்கிறேன். அகலம் குறைந்தது 2 அடி 9 அங்குலம், தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியது. பாத்ரூமின் ஈரம் வெளியே சொட்டும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள், சொட்டத்தான் செய்யும். வாசலில் ஒரு மிதியடி போட்டுக்கொள்ளலாம்.

கதவுக்கு அடுத்து, இப்போது இருக்கும் வீட்டின் அளவுகளை டேப்பால் எடுத்துக்கொண்டு வாருங்கள். 11க்கு 12 என்றால் மனதில் எதுவும் தோன்றாது. "இப்ப நீங்க படுக்கிற ரூமை விட ஒரு அடி அகலம் கூட, நீளம் அதே" என்றால் உடனே தெரியும்.

வாசலுக்கு ஏன் இத்தனை படி? அம்மாவுக்கு முழங்கால் வலி என்று முதலிலேயே சொன்னோமே?

மடிப்பாக்கத்து சாரும் இதையேதான் கேட்டார், அவரேதான் இரண்டு வாரம் முன்பு "தரைமட்டத்தை மூணு அடி தூக்கிடுங்க" என்றும் சொல்லியிருந்தார். அவருடைய பயம் நியாயம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் தாழ்வாகக் கட்டச் சம்மதிப்பதில்லை, தவிர ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் வீடு தானாகப் பள்ளமாகிவிடும்.

பிளானில் இதெல்லாம் ஒரு சின்ன எண்ணாகத்தான் இருக்கும். ரோடு 0 என்றால் ஹாலுக்குள் +3'-0" என்று எழுதியிருக்கும். அந்த மூன்று அடியை அம்மாவின் காலில் போட்டுப் பார்க்க வேண்டும். 6 அங்குலப் படி என்றால் 6 முறை முழங்கால் மடங்கும். படிக்குப் பதில் சாய்தளம் என்றால், சக்கர நாற்காலி ஏறுவதற்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 3 அடிக்கு 36 அடி. 60 அடி மனையில் முன்பக்கம் பார்க்கிங்குக்கு விட்டதே 18 அடிதான், எங்கே போவது?

அதனால் உயரத்தைப் பிரித்தோம். பார்க்கிங் ரோட்டிலிருந்து 1 அடி உயரம், அதைக் கார் ஏறிவிடும். ஹால் அதற்கு மேல் ஒன்றரை அடி. மொத்தம் இரண்டரை. சார் அரை அடி விட்டுக்கொடுத்தார், அதற்கு முன்னால் அந்தத் தெருவில் 2015ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுச் சுவரில் கறையைக் காட்டச் சொல்லி அளந்துகொண்டோம். இப்போது பார்க்கிங்கிலிருந்து 6 அங்குலத்தில் மூன்று படிதான், மிதி ஒவ்வொன்றும் 12 அங்குலம், இரண்டு பக்கமும் கைப்பிடி. இரண்டு பக்கமும் என்பதை விடாதீர்கள், ஏறும்போது வலது கைக்கு வரும் கைப்பிடி இறங்கும்போது இடது கைக்கு வந்துவிடும். பின்னால் நாற்காலி தேவைப்பட்டால், ஒன்றரை அடிக்கு 18 அடிச் சாய்தளம் பார்க்கிங்கின் பக்கச் சுவரை ஒட்டிச் சரியாக உட்காரும். இன்றைக்குக் கட்டவில்லை, அந்த 3 அடி அகலத்தில் வேறு எதையும் வைக்காமல் விட்டிருக்கிறோம்.

மேற்குப் பார்த்த மனை, சாயங்கால வெயில் நேரே உள்ளே வருமே? பெரிய சன்ஷேட் போட்டால் போதுமா?

போதாது. நாலு மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து நேரே எதிரில் நிற்கும், தலைக்கு மேல் நீட்டிய 2 அடி சன்ஷேட்டுக்குக் கீழேயே வெயில் உள்ளே வந்துவிடும். 9 அங்குலச் செங்கல் சுவர் பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரி உள்ளே விடும், படுக்கிற நேரத்தில்தான் அது தெரியும். அதனால் மேற்கே யாரும் படுக்காத இடங்களை வைப்பது நல்லது: மாடிப்படி, பாத்ரூம், ஷெல்ஃப். மடிப்பாக்கத்தில் அம்மாவின் அறை மட்டும் முன்பக்கம் வந்தது, அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன், ஆனால் பார்க்கிங்குக்கு மேலே முதல் மாடி முன்னால் நீண்டிருப்பதால் அந்தச் சுவரில் வெயில் விழுவது கடைசிக் கொஞ்ச நேரம்தான்.

இன்னொன்று, வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மத்தியானச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும், அங்கே 2 அடி தாராளம்.

கிச்சன் தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். பிளானில் அது சரியாக வருமா?

வரும், வைத்துத் தருகிறேன். ஆனால் சென்னையில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வருவதும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கத்திலிருந்துதான். அதாவது நல்ல காற்று முதலில் கிச்சனுக்குள் நுழைந்து, மிளகாய் தாளித்த நெடியையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வரும். கிழக்குச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் அது காற்றை எதிர்த்துத்தான் சுற்ற வேண்டும், சாயங்காலம் ஃபேனை நிறுத்தினால் இறக்கைகள் தானாகவே திரும்பிச் சுற்றுவதைப் பார்க்கலாம்.

மடிப்பாக்கத்தில் ஃபேனைத் தெற்குச் சுவருக்கு மாற்றினோம், பக்கத்து வீடு நெருங்கி நிற்பதால் அங்கே காற்று வேகம் இல்லை. சிம்னியின் குழாயைக் கிழக்குச் சுவரில் வெளியே விடாமல் நேரே மொட்டை மாடி வரை கொண்டுபோனோம். கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு நகரும் கண்ணாடிக் கதவு. ஹாலுக்கென்று வடகிழக்கில் தனியாக ஒரு ஜன்னல், அப்போது காற்றுக்காகக் கிச்சன் கதவைத் திறந்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை. மேடம் திறந்த கிச்சன் வேண்டும் என்று படம் எல்லாம் காட்டினார். "ஞாயித்துக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைக்கிறீங்க, சார் ஹால்ல போன்ல பேசிட்டிருக்கார், என்ன செய்வீங்க?" என்று கேட்டதும் அவரே கதவு வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

துணி துவைப்பது, காயப்போடுவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே, அதை எதற்கு இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள்?

அன்றைக்கு அதிக நேரம் போனது இதில்தான், வீடு அதிகம் மாறியதும் இதனால்தான்.

முதல் டிசைனில் வாஷிங் மெஷின் கீழே, கிச்சனுக்குப் பின்னால் யுடிலிட்டியில். கொடி மொட்டை மாடியில். ஊரில் பாதி வீடு அப்படித்தான். நான் நாளைச் சொல்ல ஆரம்பித்தேன்: "அஞ்சே முக்காலுக்கு மெஷின் போடறீங்க, ஆறே முக்காலுக்கு முடியுது, வாளியை எடுத்துக்கிட்டு கிச்சன் வழியா, ஹால் வழியா, மாடிப்படி ஏறி..." ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் 10 அடி 6 அங்குலம், 7 அங்குலப் படி, 18 படி. மொட்டை மாடிக்கு 36 படி. நனைந்த துணி ஒரு வாளி எட்டு, பத்து கிலோ வரும். மேடம் ஏழேகாலுக்குப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, "அப்ப தினமும் இதை நான்தான் பண்ணணும் இல்ல?" என்றார். சார் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மொட்டை மாடிக் கொடி பெரும்பாலும் சும்மாதான் இருக்கும், துணி ஹால் நாற்காலியிலும் ஃபேனுக்கடியிலும் காயும். மூன்று மாதம் அப்படி ஓட்டுவதை யாரும் பிளான் பேசும்போது நினைப்பதில்லை.

ஆகவே மெஷினை முதல் மாடிக்கு ஏற்றினோம். கீழே யுடிலிட்டி இருக்கும் இடத்துக்கு நேர் மேலே கிழக்குப் பக்கம் 4 அடி அகலத்தில் கூரையுள்ள ஒரு பால்கனி. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் நேரே கீழே இறங்கிவிடும், அதனால் அந்த இடம். கடல்காற்று நேரே படுவதால் மழை நாளிலும் துணி ஓரளவு காயும், சாரல் அடித்தால் மூங்கில் தட்டியை இறக்கிக்கொள்ளலாம். விலை என்னவென்றால் அதை ஒட்டிய பெட்ரூம் 16 அடியிலிருந்து 12 அடியாகச் சுருங்கியது.

அது இவர்கள் இருவரின் பெட்ரூம். பரவாயில்லை என்றார்கள். நான் மறுபடி முதலிலிருந்து நாளை நடத்தினேன், ஒன்றை மாற்றினால் முழு நாளையும் திரும்ப ஓட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. "அஞ்சே முக்காலுக்கு மெஷின் போடறீங்க" என்றதும் மேடம் நிறுத்தினார். "இவரு படுக்கறதே மூணு மணிக்கு." மெஷின் பிழிகிற சத்தமும் அதிர்வும் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில். அவர் தூக்கமே போய்விடும். கடைசியில் பையன் அறையையும் இவர்கள் அறையையும் இடம் மாற்றினோம். பையன் ஐந்தரைக்கே டியூஷனுக்கு எழுகிறவன், அவனுக்கு அந்தச் சத்தம் ஒன்றுமில்லை. 12 அடி அறை அவனுக்குத் தாராளம். பென்சிலால் இரண்டு பெயரை அடித்து மாற்றி எழுதினேன், அவ்வளவுதான் வேலை. கட்டி முடித்த பிறகு இது தெரிந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

சம்ப், மோட்டார் இதெல்லாம் இன்ஜினியர் பார்த்துக்கொள்வார் இல்லையா?

அளவை அவர் பார்ப்பார். மூடி எங்கே வருகிறது என்று நீங்கள் பாருங்கள். சம்ப் பெரும்பாலும் பார்க்கிங்குக்கு அடியில்தான் போகும், மூடி காருக்கு நேர் கீழே வந்துவிட்டால் ஒவ்வொரு முறை தண்ணி லாரி வரும்போதும் காரை ரோட்டில் எடுத்து விட வேண்டும். சார் மூன்று மணிக்குப் படுத்தவர், லாரி ஆறு மணிக்கு வரும், கார் சாவியைத் தேடுவது யார்? 2019 கோடையில் லாரியை நம்பியே இருந்தவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லை. மூடியைக் கேட் பக்கத்து மூலைக்கு, சக்கரம் ஏறாத இடத்துக்கு இழுத்தோம், லாரிக் குழாயும் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை. மோட்டாரை அம்மா அறைச் சுவரில் வைக்காதீர்கள். சுவிட்ச் மட்டும் கிச்சனில்.

நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு கேட்கிறோம். நீங்கள் யார் பக்கம்?

அந்த இடத்தை அதிகம் பயன்படுத்துகிறவர் பக்கம். கிச்சனைப் பற்றி அங்கே நிற்காதவர் அதிகம் பேசினால், மேடை உயரம் எவ்வளவு இருக்கலாம் என்று அவரையே கேட்பேன். தெரியாது. சமைக்கிறவரை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு 4 அங்குலம் கீழே என்று அளப்பேன். மேடத்துக்கு 33 அங்குலம் வந்தது.

பேசாமலேயே இருக்கிற மூன்றாவது ஆளை மறந்துவிடாதீர்கள். அன்றைக்கு அம்மா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டால் "எனக்கென்ன, எங்க போட்டாலும் சரி" என்றுதான் பதில் வரும், அது பதிலே இல்லை. "மத்தியானம் எல்லாரும் போனப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாராம், பேரன் வருகிறானா என்று. அதற்காகத்தான் முன் அறை. ஆனால் ஜன்னலின் கீழ்க்கட்டை வழக்கம்போல 3 அடியில் இருந்தது, படுத்திருப்பவர் கண் தரையிலிருந்து 2 அடி உயரத்தில்தான் இருக்கும், ஆகாயம்தான் தெரியும். அந்த ஒரு ஜன்னலை மட்டும் 1 அடி 9 அங்குலத்துக்கு இறக்கி, கம்பியைப் படுக்கைவாட்டில் இல்லாமல் நேர்வாட்டில் வைத்தோம்.

த்ரீ-டி படம் காட்ட மாட்டீர்களா?

காட்டுவேன், முகப்புக்கும் நிறத்துக்கும். உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள அதை நம்ப வேண்டாம், அகன்ற கோணத்தில் எடுத்த படத்தில் 10 அடி அறையும் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். அதைவிட இப்போது குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் கோலமாவால் ஒரு அறையை முழு அளவில் போடுவோம். கட்டிலுக்கு 5க்கு 6½, பீரோவுக்கு 2 அடி ஆழம், கதவுக்குக் கால் வட்டம். இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே நடந்து பாருங்கள். ஒருவர் பீரோ திறந்து நிற்கும்போது இன்னொருவர் தாண்டிப் போக முடியவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

எதுவரைக்கும் மாற்றலாம்?

அனுமதிக்குக் கொடுக்கும் வரை எதையும். கொடுத்த பிறகு வெளிச்சுவர், உயரம், வீட்டைச் சுற்றி விட்ட இடம் எதையும் தொடக்கூடாது, தொட்டால் மறுபடி விண்ணப்பம். அஸ்திவாரம் போட்டால் பில்லர்கள் முடிவு. ஆனால் உள்சுவர் நாலரை அங்குலச் சுவர்தான், செங்கல் எழும் வரை கதவை இப்படி அப்படி நகர்த்தலாம். பாத்ரூம் இடம் ஸ்லாப் கான்க்ரீட்டுக்கு முன்பே முடிவாக வேண்டும், அங்கே தளத்தைக் கொஞ்சம் இறக்கிப் போடுகிறோம், பின்னால் உடைத்து மாற்றினால் ஒழுகலில் போய் முடியும். சுவிட்ச் பாயின்ட்டுகளுக்குப் பூச்சு வேலைக்கு முந்தின வாரம் வரை நேரம் உண்டு. அந்த வாரம் ஒரு சாயங்காலம், வெளிச்சம் போவதற்குள், இருவரும் சாக்பீஸோடு சைட்டுக்கு வாருங்கள். போன் சார்ஜர், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், அம்மா கட்டிலிலிருந்து கை எட்டுகிற லைட், எல்லாவற்றையும் செங்கல் மேலேயே நீங்களே குறித்துவிடலாம், எலக்ட்ரீஷியன் மறுநாள் காலையில் அந்தக் குறியைப் பார்த்துத்தான் வெட்டுவார்.